தாமத அபராதம்: இரண்டு பிரிவுகள் முரண்படுகின்றன, என்ன செய்வது?

டெண்டர் மொழிபெயர்ப்பு, நாளை மாலை கெடு. பொது நிபந்தனையில் தாமத அபராதம் வாரத்துக்கு அல்லது வாரத்தின் பகுதிக்கு 0.5%, உச்சவரம்பு 10%. கணக்கிடுவது தாமதமான சரக்கின் மதிப்பில். 15 நாள் தாமதித்தால் மூன்று வாரமாகி 1.5% (‘பகுதி’ விடுபட்டால் 1% தான்). சிறப்பு நிபந்தனையிலோ அதே விகிதம் ஒப்பந்த மொத்த மதிப்பின் மேல். சரக்கில் பத்தில் ஒரு பங்கு மட்டும் தாமதமானால் அபராதம் பத்து மடங்கு மாறும். எந்தப் பிரிவு செல்லும் என்று ஆவணத்தில் எங்கும் இல்லை.

இரண்டையும் உள்ளபடியே மொழிபெயர்த்து, பிரிவு எண்களோடு தனித்தாளில் கேள்வி அனுப்ப நினைக்கிறேன். மொழிபெயர்ப்புக்குள்ளேயே குறிப்பு போட்டால் அதையும் நிபந்தனையாக வாசித்துவிடுவார்கள். இப்படிக் கேள்வித்தாள் அனுப்பியவர்கள் அதன் வடிவத்தைச் சொல்ல முடியுமா?