மழையில் ஆப் டாக்ஸிக் கட்டணம் இரண்டு மடங்கு: வண்டி எண்ணிக்கையே கூடாதபோது விலை எதற்கு ஏறுகிறது?

தரமணி_தபால்
சாயங்காலம் ஆறரைக்கு மழை பிடித்தால் ஓஎம்ஆரில் அந்த நேரத்துக்கு எத்தனை வண்டி இருக்கிறதோ அத்தனைதான். விலையை ஏற்றினால் பத்து நிமிஷத்தில் புது வண்டி முளைக்குமா? முளைக்காது என்றால் இது கொள்ளைதானே?

கணக்கன்
அந்தப் பத்து நிமிஷத்தில் விலை செய்கிற வேலை வண்டியைக் கூட்டுவது இல்லை, ஆளைக் குறைப்பது. ஒரு வட்டாரத்தில் 60 வண்டி காலியாக நிற்கிறது, 200 பேர் ஆப்பைத் திறக்கிறார்கள் என்று வையுங்கள். 140 பேருக்கு எப்படியும் வண்டி கிடையாது. யார் அந்த 140 பேர் என்பதுதான் கேள்வி. விலை ஏறினால் சிலர் டீக்கடையில் அரை மணி நேரம் ஒதுங்குவார்கள், சிலர் பறக்கும் ரயிலுக்கு நடப்பார்கள், நாலு பேர் ஒரே வண்டியில் போவார்கள். விலை ஏறாவிட்டால் யார் முதலில் அழுத்தினாரோ அவருக்கு. அவசரத்துக்கும் விரல் வேகத்துக்கும் சம்பந்தமில்லை.

நியூயார்க்கில் இது தற்செயலாகவே சோதனை ஆகிவிட்டது. 2015 புத்தாண்டு இரவு 1:24 மணிக்கு உபரின் சர்ஜ், அதாவது தேவை கூடும்போது விலையை ஏற்றும் கணக்கு, பழுதாகி 26 நிமிஷம் சாதாரண விலையே ஓடியது. கேட்டவர்களில் நாலில் ஒருவருக்குக்கூட சவாரி முடியவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு கச்சேரி முடிந்தபோது ஆப்பைத் திறந்தவர்கள் வழக்கத்தைப் போல நாலு மடங்கு. சர்ஜ் வேலை செய்தது. புக்கிங் கொஞ்சம்தான் கூடியது, வண்டி வர ஆன நேரம் இரண்டரை நிமிஷத்தை ஒட்டியே இருந்தது. அதாவது பெரும்பாலோர் விலையைப் பார்த்துவிட்டு ஆப்பை மூடிவிட்டார்கள்.

சந்தைராஜா
ஏன் பம்முறீங்க? விலை ஏறினா டிரைவர் வருவான், அவ்ளோதான் எகனாமிக்ஸ். அந்தக் கச்சேரியில வண்டியும்தானே கூடுச்சு.

கணக்கன்
கூடியது. ஆனால் கச்சேரி எத்தனை மணிக்கு முடியும் என்று ஊருக்கே தெரியும். சர்ஜைப் பார்த்து வந்தவர் எத்தனை பேர், கூட்டம் வரும் என்று முன்பே வந்து நின்றவர் எத்தனை பேர் என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. நான் சொன்ன நியூயார்க் கணக்கைத் தந்த ஆய்வை எழுதியவர்களில் உபர் ஊழியர்களும் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

ஸ்டியரிங்
சந்தைராஜா அண்ணே, மேப்ல சர்ஜ் சிவப்பு தெரியுதுன்னு தாம்பரத்துல இருந்து சோழிங்கநல்லூருக்கு யாரும் ஓட மாட்டாங்க. மழையில போய்ச் சேர முக்கால் மணி நேரம். அதுக்குள்ள சிவப்பு போயிடும், டீசல் நம்மளுது. சேப்பாக்கத்துல மேட்ச் விடுற நேரம்னா முன்னாடியே போய் நிப்போம். அது சர்ஜுக்காக இல்ல, சவாரி நிச்சயம்னு.

மழைன்னா வண்டி அப்படியே இருக்கும்ங்கறதும் தப்பு, குறையும். சைலன்சர் மட்டத்துக்கு மேல தண்ணி நின்னா பாதிப் பேர் ஆப்ப ஆஃப் பண்ணிடுவாங்க. இன்ஜினுக்குள்ள தண்ணி போனா ரிப்பேர் ஒரு மாச வருமானம்.

பேட்டரி_பத்து
என் போன்ல சார்ஜ் கம்மியா இருந்தா ரேட் அதிகமா காட்டுது. ஐபோன்னா இன்னும் அதிகம். இதுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க.

கணக்கன்
அது ஆளைப் பார்த்து விலை வைப்பது பற்றிய குற்றச்சாட்டு, வேறு வழக்கு. சர்ஜ் இடத்தைப் பார்த்து ஏறுவது. தனி இழை தொடங்குங்கள், அங்கே நானும் வருகிறேன்.

தரமணி_தபால்
ஆக வண்டி கூடாது, மழையில் குறையவே செய்யும் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அப்படியானால் ஏற்றின காசு முழுக்க அவர்களுக்கு லாபம், பயணிக்கு ஒரு சவாரிகூடக் கூடவில்லை. நான் சொன்னதுதானே?

கணக்கன்
இல்லை. வண்டி எண்ணிக்கை கூடாவிட்டாலும் சவாரி எண்ணிக்கை கூடும். பலரும் தவறவிடும் இடம் இது.

வண்டி ஒன்று பயணியை ஏற்றப் போகும் நேரமும் அதன் வேலை நேரம்தான். சவாரி சராசரி 20 நிமிஷம் என்று வைப்போம். பக்கத்தில் கொஞ்சம் வண்டி காலியாக இருந்தால் 3 நிமிஷத்தில் ஆளை எட்டும். ஒரு சுற்றுக்கு 23 நிமிஷம், 60 வண்டிக்கு மணிக்குச் சுமார் 156 சவாரி. விலை ஏறாமல் எல்லா வண்டியும் தீர்ந்துபோனால், அடுத்து காலியாகும் வண்டி எங்கே இருந்தாலும் அதையே அனுப்ப வேண்டியதாகிறது. வேளச்சேரியில் ஆளை இறக்கியவர் பெருங்குடிக்கு ஓடுவார், பெருங்குடியில் இறக்கியவர் வேளச்சேரிக்கு. ஏற்றப் போக 12 நிமிஷம் ஆனால் சுற்று 32 நிமிஷம். அதே 60 வண்டி, மணிக்கு 112 சவாரிதான். நாற்பத்துச் சொச்சம் பேரின் சவாரி வெறும் ரோட்டில் கரைந்துவிட்டது. நேரம் ஆக ஆகப் பயணி கேன்சல் செய்வார், வண்டி பாதி வழியில் திரும்பும், நிலைமை இன்னும் மோசமாகும்.

ஸ்டியரிங்
இது நூத்துக்கு நூறு. நாலு கிலோமீட்டர் பிக்கப், ரெண்டு கிலோமீட்டர் சவாரின்னு வந்தா யார் எடுப்பா?

தரமணி_தபால்
சரி, அந்த நாற்பது சவாரியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு 1.3 மடங்கு போதுமா 2 மடங்கு வேண்டுமா என்று யார் பார்ப்பது? கம்பெனிக்கு ஏற்றுவதில்தானே ஆசை?

கணக்கன்
நியாயமான சந்தேகம், இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வெளியிலிருந்து ஓரளவு கண்டுபிடிக்கலாம். சர்ஜ் உச்சத்தில் இருக்கும்போதும் புக் செய்து இரண்டு நிமிஷத்தில் வண்டி வாசலில் நிற்கிறது, மேப்பில் இன்னும் ஏழெட்டு சும்மா நிற்கிறது என்றால் விலை தேவைக்கு மேல் ஏறியிருக்கிறது. சர்ஜே இல்லை, ஆனால் கால் மணி நேரம் சுற்றுகிறது, மூன்று பேர் கேன்சல் செய்தார்கள் என்றால் விலை தேவைக்குக் கீழே. ஆப் காட்டும் நிமிஷத்தை நம்பாதீர்கள். அழுத்தியதிலிருந்து ஏறி உட்காரும் வரை எண்ணுங்கள்.

சந்தைராஜா
அப்ப கவர்மென்ட் உச்சவரம்பு வெச்சது முட்டாள்தனம்.

கணக்கன்
அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. மத்திய அரசின் வழிகாட்டுதலில் 2020இல் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு வரை அனுமதி, 2025 ஜூலையில் அது இரண்டு மடங்கு ஆனது. சாதாரண சாயங்காலத்துக்கு அந்த அளவே தாராளம், கம்பெனியின் ஆசைக்கும் கடிவாளம். அடைமழையில் மட்டும் வரம்பு முட்டும். அப்போது மிச்ச ஆட்களை விலைக்குப் பதில் கேன்சலும் காத்திருப்பும் கழிக்கும்.

ஸ்டியரிங்
கேன்சல் மட்டுமில்ல. டிரைவர் போன் போட்டு "எங்க போகணும், மேல எவ்ளோ தருவீங்க"ன்னு கேப்பாரு. விலை ஏறத்தான் ஏறுது, ஆப்புல இல்லாம போன்ல ஏறுது.

தரமணி_தபால்
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் முடித்து வீடு திரும்பும் நோயாளி இருக்கிறார். அவருக்கு அவசரம் இருக்கிறது, பணம் இல்லை. உங்கள் விலை அவரையும் டீக்கடைக்குத்தான் அனுப்பும். 108ஐக் கூப்பிடு என்று சொல்லாதீர்கள், வீட்டுக்குத் திரும்புவதற்கெல்லாம் அது வராது.

கணக்கன்
உண்மை. யாரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைத்தான் விலை கேட்கும், எவ்வளவு தேவை என்று அதற்குத் தெரியாது. அவருக்கு முதல் நாளே விலை பேசி முன்பதிவு செய்வது ஒரு வழி. ஆஸ்பத்திரி பொறுப்பேற்று மாதக் கணக்கில் வண்டி அமர்த்துவது இன்னொன்று.

ஸ்டியரிங்
சார், முதல் நாள் 180 ரூபாய்க்குப் பேசின முன்பதிவுதான் மழை வந்தா முதல்ல கேன்சல் ஆகும். மாசக் கணக்குன்னா வருவாங்க.