புதுப்பிப்பு: பாம்படம் விற்றுக் கடன் அடைக்க அம்மாவுக்கு எழுதிய கடிதம்

"ஆச்சியின் பாம்படத்தை விற்று வயல் கடனை அடைக்கச் சொல்லி, ஷார்ஜாவிலிருந்து அம்மாவுக்கு எப்படி எழுதுவது?"

முன்பு நான் இங்கே கேட்ட இந்தக் கேள்விக்கு யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடன் தீர்ந்தது.

கைகொடுத்தது நகை செய்யும் பத்தர் குடும்பத்து அண்ணன் சொன்னதுதான்: பாம்படத்துக்குள் அரக்கு இருக்கும், மொத்த எடையை நம்பிக் கணக்குப் போடாதே. அதனால் இப்படி எழுதினேன்: "அம்மா, உங்கள் கண்ணெதிரே அரக்கை எடுத்து உருக்கிய பிறகே விலை பேசுங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும்." அம்பாசமுத்திரத்தில் முதல் கடைக்காரர் உருக்காமலே, 44 கிராமில் பாதிதான் தங்கம் என்றாராம். அம்மா எழுந்து வந்துவிட்டார்கள். அடுத்த கடையில் உருக்கிப் பார்த்தால் 29 கிராம்.

"விற்காதே, அடகு வை" என்றவர் சொன்னதும் பாதி சரி. வட்டி குறையும், ஆனால் கடன் கடனாகவே நிற்கும். தங்கை கல்யாண நகை பற்றிக் கேட்டவருக்குத் தனியாக எழுதுகிறேன்.

எதிர்பாராதது ஒன்று. கடனை அடைக்க 18,000 ரூபாய் குறைந்தபோது, என்னிடம் சொல்லாமல் அம்மா தன் ஒற்றை வளையலைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வீடியோ அழைப்பில் வெறும் கையைப் பார்த்துத்தான் தெரிந்தது. இன்னும் மனம் ஆறவில்லை.

வயல் பத்திரம் கைக்கு வந்துவிட்டது. அடமான ரத்து பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏறுவது மட்டும் பாக்கி.