புதுப்பிப்பு: மெக்னீசியம் அட்டவணையில் நீர்த்தல் காரணி தலைகீழானது

"சேலத்தில் மாக்னசைட் சுரங்கம் பக்கத்துக் கிணற்று நீரில் மெக்னீசியம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான் வருகிறது, கருவி கோளாறா?" என்று முன்பு கேட்டிருந்தேன்.

கருவி சரியாகத்தான் இருக்கிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வழி காட்டியது ஓய்வுபெற்ற வேதியியல் அண்ணா சொன்னதுதான்: மொத்தக் கடினத்தன்மையோடு ஒப்பிட்டுப் பார். அதே தண்ணீரை இடிடிஏ வைத்துத் தரம்பார்த்தால் 480 வந்தது, அப்படியானால் மெக்னீசியம் 0.2 ஆக இருக்கவே முடியாது, ஏனென்றால் சுண்ணாம்புச் சத்தால் வரும் கடினத்தன்மை தனியாகப் பார்த்ததில் 142தான். நோட்டைப் புரட்டினேன். 5 மில்லி மாதிரியை 100 மில்லியாக்கியிருக்கிறோம், கருவி காட்டியது 4.1. இருபதால் பெருக்கினால் 82. அட்டவணையில் இருந்ததோ 0.205, அதாவது 20 மடங்கு அல்ல, 400 மடங்கு குறைவு.

எதிர்பாராதது என்னவென்றால், `=B7*C7` சூத்திரம் சரிதான். C7இல் நீர்த்தல் காரணியாக 20க்குப் பதில் அதன் தலைகீழான 0.05 என்று போட்டிருந்தார்கள். பெருக்கலை வகுத்தலாக மாற்றச் சொன்ன தம்பி பாதி சரி, அப்படிச் செய்திருந்தால் 20 என்று சரியாகப் போட்ட வரிசைகள் கெட்டிருக்கும். நீர்க்காத மாதிரிகளில் காரணி 1, எப்படிப் போட்டாலும் மாறாது, அதனால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.



ஒரு வரிசை மட்டும் இன்னும் தீரவில்லை. நோட்டில் "5 + 100" என்று இருக்கிறது, அது 20ஆ 21ஆ தெரியவில்லை. அந்த மாதிரியை மறுபடி ஓட்டப் போகிறேன்.