முத்திரை எண் மாறினால் விடுதலையா?

சாட்ஸ்வர்த்_ராஜன்: எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் மாண்ட்ராக்ஸ் போதை மாத்திரை 60 பிடிபட்டது. போலீஸ் எடுத்ததை நானே பார்த்தேன். பை முத்திரை எண்ணும் ஆய்வக அறிக்கையில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று நீதிமன்றத்தில் அவனை விட்டுவிட்டார்கள். ஓர் எண்ணுக்காக இப்படியா?

முத்து_பீனிக்ஸ்: பிடித்த பொருள் கைமாறி வந்த சங்கிலி அறுந்தால் சாட்சியம் செல்லாது, அவ்வளவுதான். நம் தென்னாப்பிரிக்கச் சட்டம் அப்படி.

கவிதா_டர்பன்: அப்படித் தானாகவே செல்லாமல் போவதில்லை, முத்து. வழக்கறிஞர் அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன். பிடித்த போலீஸ்காரர் மாத்திரைகளைப் பையில் போட்டு முத்திரையிட்டு, எண்ணை எஸ்ஏபி 13 என்ற போலீஸ் பிடிபொருள் பதிவேட்டில் எழுதுவார். அதே எண்ணுள்ள பை அமன்சிம்டோட்டி ஆய்வகத்துக்குப் போகும். பகுப்பாய்வாளரின் பிரமாண வாக்குமூலம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 212ஆம் பிரிவின்படி நேரில் வராமலே ஏற்கப்படும். ஆனால் அது சொல்வது "இந்த எண்ணுள்ள பையில் மெத்தக்வலோன் என்ற போதைப்பொருள் இருந்தது" என்று மட்டும்தான். பதிவேட்டில் 417இல் முடியும் எண், அறிக்கையில் 471 என்றால், எந்தப் பையைச் சோதித்தார்கள்?

ராஜன்: தட்டச்சுப் பிழைதானே! யாராவது மாற்றினார்கள் என்று அவன் நிரூபித்தானா?

கவிதா: அவன் நிரூபிக்க வேண்டியதில்லை. அதே மாத்திரைதான் என்று சந்தேகமற நிரூபிப்பது அரசுத் தரப்பின் பாடு. பிழைதான் என்றால், போலீஸ்காரரும் பகுப்பாய்வாளரும் கூண்டில் ஏறி அதை விளக்கியிருக்கலாம். அரசு வழக்கறிஞர் யாரையும் கூப்பிடவில்லை என்றால் தவறு அங்கேதான்.

லெனேசியா_மாமா: எனக்கும் இப்படித்தான். திருடுபோன காரைக் கண்டுபிடித்து எஸ்ஏபி 13 யார்டில் வைத்தார்கள். திரும்பக் கிடைத்தபோது பேட்டரியும் ரேடியோவும் காணோம்!

கவிதா: மாமா, அது நஷ்டஈட்டு விஷயம். உங்கள் கார்தானா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லையே.

முத்து_பீனிக்ஸ்: ஓட்டவீரர் பிஸ்டோரியஸ் காதலியைச் சுட்ட வழக்கில் குண்டு பாய்ந்த கதவை ஒரு கர்னல் தன் அலுவலகத்திலேயே வைத்திருந்தாராம். அது மட்டும் எப்படிச் செல்லுபடியானது?

கவிதா: நல்ல கேள்வி. 2014 விசாரணையில் அதைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் துருவினார்கள். ஆனால் நான்கு ஓட்டை விழுந்த அந்தக் கதவைப் பார்த்ததுமே அடையாளம் தெரியும், இரு தரப்பும் அதை வைத்தே வாதாடின. அலுவலகத்தில் இருந்தபோது புதுக் கீறல் விழுந்ததா என்பது அதற்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்ற சண்டை. மாண்ட்ராக்ஸ் மாத்திரை அப்படியில்லை. ஒன்றைப் போலவே ஆயிரம் இருக்கும், பை எண் போனால் அடையாளமே போச்சு. பல வழக்குகளில் எதிர்த்தரப்பே 220ஆம் பிரிவில் சங்கிலியை ஒப்புக்கொண்டுவிடும், அப்போது இந்தப் பேச்சே எழாது.

ராஜன்: சரி, நீதவானே பகுப்பாய்வாளரைக் கூப்பிட்டிருக்கலாமே?

கவிதா: 186ஆம் பிரிவில் கூப்பிடலாம், நியாயமான தீர்ப்புக்கு அவசியம் என்று பட்டால் கூப்பிட்டே ஆக வேண்டும். உங்கள் பையன் வழக்கில் அவசியமா என்று கோப்பைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

ராஜன்: அப்போ நான் பார்த்தது?

முத்து_பீனிக்ஸ்: நீங்கள் மாத்திரையைப் பார்த்தீர்கள் அண்ணே, அதில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லையே.

ராஜன்: வக்கீல் பேச்சு! அந்தப் பையன் இன்னும் அதே முனையில்தான் நிற்கிறான்.