பார்ட்டி கிரெடிட் நோட்டை ரிஜெக்ட் பண்ணி, 15,120 ரூபாய் நம் தலையில் ஏறிய கதை

பைப்கடைக் கணக்கு

தெற்குவெளி வீதிப் பக்கம் ஒரு பிவிசி பைப் மொத்தக் கடையில் பதினொரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். இந்தப் பொங்கலுக்கு எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். சரக்கு திரும்பி வருகிற கடையில் யாருக்கும் இது நடக்கலாம்.

2025 அக்டோபர் தொடக்கத்தில் உசிலம்பட்டிக் கடைக்காரர் ஒருவர் 75 எம்எம் பைப்பில் 6 கேஜி அழுத்தம் தாங்கும் ரகம் கேட்டார். குடோனில் 4 கேஜி ரகத்தை ஏற்றிவிட்டார்கள். பில்லிலும் 4 கேஜிதான் போட்டிருந்தது, ஆனால் அவர் கடையில் யாரும் பார்க்காமல் அடுக்கிவிட்டார்கள். தீபாவளி முடிந்து ஒரு போர்வெல்காரர் வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. 140 லென்த், ஒன்று 600 ரூபாய், ஆக 84,000. வரி 18 சதவீதம் 15,120. மொத்தம் 99,120. மாநிலத்துக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டாததால் இ-வே பில் வேண்டியதில்லை. டெலிவரி சலான் எழுதி அவருடைய குட்டியானையிலேயே அக்டோபர் 28 அன்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தச் சலான் குடோன் மேஜையிலேயே கிடந்தது. என் கைக்கு வந்து, விற்ற பில்லின் மதிப்பையும் வரியையும் குறைக்கும் கிரெடிட் நோட்டை நான் போட்டது நவம்பர் 6. இடைப்பட்ட இந்த ஒன்பது நாள்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவர்கள் கணக்கர் சரக்கு போன அன்றே டேலியில் எங்கள் பேரில் டெபிட் நோட் எழுதிவிட்டார். வரி கட்டும் மாத ரிட்டர்னான GSTR-3B-இல், அந்தச் சரக்குக்கு எடுத்திருந்த 15,120 வரிக் கிரெடிட்டை அக்டோபர் மாதத்துக்கே தானாக ரிவர்ஸும் செய்துவிட்டார். நேர்மையான மனிதர். அந்த ஒன்றுக்காகவே அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

என் கிரெடிட் நோட் விற்பனை விவர ரிட்டர்னான நவம்பர் GSTR-1-இல் போய், விற்றவர் ஏற்றியதை வாங்கியவர் ஏற்கவோ ரிஜெக்ட் பண்ணவோ போர்ட்டலில் இருக்கும் IMS திரையில் டிசம்பரில் அவருக்கு வந்து நின்றது. 'இதுதான் போன மாசமே கழிச்சாச்சே, இன்னொரு தடவை கழிஞ்சுடுமே' என்று பயந்து ரிஜெக்ட் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு போன்கூட இல்லை.

பொங்கல் முடிந்து டிசம்பர் மாத 3B போட உட்கார்ந்தால், என் கணக்குக்கும் போர்ட்டல் காட்டிய வரிக்கும் 15,120 வித்தியாசம். விற்பனை ரிஜிஸ்டரை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் நவம்பரில் போட்ட கிரெடிட் நோட்டுகளைப் புரட்டினேன். மூன்றே மூன்று. அதில் ஒன்றின் வரி அச்சாக 15,120. பார்ட்டி நிராகரித்தால் நாம் குறைத்த வரி அடுத்த மாதம் நம் தலையிலேயே திரும்ப ஏறும் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், கட்டிவிட்டோம். இப்போது இதை எப்படித் திரும்ப எடுப்பது? இதே மாதிரி பட்டவர்கள் சொல்லுங்கள்.

கீழவாசல் பெரியவர்

தம்பி, நான் 1989-இலிருந்து பாத்திர வியாபாரம். விற்பனை வரி, வாட், இப்போது ஜிஎஸ்டி எல்லாம் பார்த்தாச்சு. சரக்கைத் திருப்புகிறவன் டெபிட் நோட் எழுதுவான், விற்றவன் அதை வாங்கி வரவு வைப்பான். காலகாலமாக அதுதான் முறை. உசிலம்பட்டிக்காரர் எழுதியது சரி. அவர் எழுதின பிறகு நீங்கள் தனியாக ஒன்று போட்டதுதான் ரெட்டிப்பாகிவிட்டது. அவர் டெபிட் நோட்டை வைத்தே உங்கள் வரியைக் குறைத்திருக்கலாம்.

ஆடிட் ஆபீஸ், திருமங்கலம்

ஐயா சொல்வதில் பாதி சரி. லெட்ஜரில் வாங்கியவர் டெபிட் நோட் எழுதலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவில் கிரெடிட் நோட், டெபிட் நோட் இரண்டையும் கொடுக்க வேண்டியவர் விற்றவர்தான். வரியைக் குறைக்க கிரெடிட் நோட், கூட்ட டெபிட் நோட். வாங்கியவர் எழுதும் டெபிட் நோட்டை GSTR-1-இல் ஏற்ற இடமே கிடையாது. அதை வைத்து இவர் வரியைக் குறைத்திருந்தால் நோட்டீஸ் வந்திருக்கும். ஆகவே பைப்கடைக்காரர் போட்டது சரியான காகிதம். தாமதமாகப் போட்டார், அவ்வளவுதான்.

இப்போது மீட்கும் வழி. ஜனவரி மாத GSTR-1-இல், கிரெடிட் நோட்டுகளைத் திருத்துகிற CDNRA அட்டவணையில் அதே நோட்டை, அதே தொகையோடு திரும்பப் போடுங்கள். ஏற்கெனவே 15,120 உங்கள் வரியில் ஏறிவிட்டதால், திருத்தம் போட்டதும் முழுத் தொகையும் மறுபடி குறையும். முடிவில் உங்களுக்கு ஒரு தடவை குறைந்ததாகத்தான் நிற்கும். ஒரு மாதம் பணம் மாட்டியதுதான் நஷ்டம்.

பார்ட்டி பக்கம்தான் கவனமாக இருக்க வேண்டும். திருத்திய நோட் அவர் IMS-இல் வந்ததும் அவர் ஏற்க வேண்டும். சும்மா ஏற்றால் அவர் பயந்தது போலவே 15,120 இன்னொரு தடவை கழியும். 2025 அக்டோபர் மாதக் கணக்கிலிருந்து கிரெடிட் நோட்டை ஏற்கும்போதே, எவ்வளவு ரிவர்ஸ் செய்ய வேண்டும் என்று வாங்கியவரே குறிப்பிடும் வசதி வந்திருக்கிறது. அவர் முன்பே ரிவர்ஸ் செய்துவிட்டதால் பூஜ்யம் என்று குறிப்பிட்டு ஏற்கலாம். முடிவெடுக்க நேரம் வேண்டுமென்றால் ஒரு கணக்குக் காலம் நிலுவையிலும் வைக்கலாம். டிசம்பரில் அவர் அதைச் செய்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

இன்னொன்று. அதே 2025 அக்டோபர் 1 முதல், வாங்கியவர் கிரெடிட்டை ரிவர்ஸ் செய்திருந்தால்தான் விற்றவர் வரியைக் குறைக்கலாம் என்று சட்டத்திலேயே நேராக எழுதிவிட்டார்கள். அவர் அக்டோபர் 3B-இல் ரிவர்ஸ் செய்த பக்கத்தின் நகல் ஒன்றும், இந்த நோட்டுக்குத்தான் அது என்று ஒரு கடிதமும் வாங்கி ஃபைலில் வையுங்கள். மூன்று வருஷம் கழித்து அதிகாரி கேட்கும்போது அந்தக் கணக்கர் அங்கே இருப்பாரோ, மாட்டாரோ.

மருந்து மொத்தம்

சார், எனக்கும் இதே பிரச்சினைதான். ரீடெயில் மெடிக்கல்காரர்கள் காலாவதி மாத்திரையைக் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்புகிறார்கள். சிலர் எங்கள் பேரில் டேக்ஸ் இன்வாய்ஸே போட்டு அனுப்புகிறார்கள். அதையும் நாங்கள் ரிஜெக்ட் பண்ணலாமா?

ஆடிட் ஆபீஸ், திருமங்கலம்

உங்கள் கேள்வி வேறு சார். காலாவதி மருந்துக்கு 2018 அக்டோபரிலேயே 72-ஆம் எண் சுற்றறிக்கை இரண்டு வழியும் செல்லும் என்று சொல்லிவிட்டது. கடைக்காரர் அதைப் புது விற்பனையாகப் பாவித்து இன்வாய்ஸ் போடலாம், அல்லது சலானில் அனுப்ப, நீங்கள் கிரெடிட் நோட் கொடுக்கலாம். ஒரே சரக்குக்கு இரண்டும் நடக்கக் கூடாது. அவர் இன்வாய்ஸ் போட்டிருந்தால் அதை ஏற்று கிரெடிட் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பக்கம் கிரெடிட் நோட் வேண்டாம்.

மேலூர் ஹார்டுவேர்

அண்ணே, திரும்பி வருகிற சரக்கை விடுங்கள். விலை ஏறினால் என்ன செய்வது? எங்களுக்கு பைப் கொடுக்கும் டீலர் போன மார்ச்சில் பில் போட்டுவிட்டு, 'கம்பெனி பழைய தேதியிலிருந்து ரேட் ஏத்திட்டாங்க' என்று ஜூனில் டெபிட் நோட் அனுப்பினார். வரி 2,340. சரக்கு போன வருஷத்துது, நோட் இந்த வருஷத்துது. கிரெடிட் எடுக்கலாமா என்று எங்கள் கணக்கர் தயங்கி, இன்னும் எடுக்கவே இல்லை.

ஆடிட் ஆபீஸ், திருமங்கலம்

தைரியமாக எடுங்கள். 2021 ஜனவரி 1 முதல், டெபிட் நோட்டுக்குக் கிரெடிட் எடுக்கும் கெடு அந்த நோட்டின் தேதி எந்த நிதியாண்டோ அதை வைத்துத்தான். பழைய இன்வாய்ஸின் வருஷத்தைப் பார்க்க வேண்டாம். ஜூன் நோட் என்றால் இந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை நேரம் உண்டு.

கிரெடிட் நோட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே சரக்கு விற்ற வருஷம்தான் கணக்கு. 2025-26-இல் விற்றதற்கு 2026 நவம்பர் 30-தான் கடைசி. ஆண்டறிக்கையை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அதோடு முடிந்தது. மாதாமாதம் போடுகிறவர்கள் நவம்பரில் ஒரு நோட் எழுதினால் அது டிசம்பர் 11-இல்தான் GSTR-1-இல் ஏறும். அதற்குள் கெடு போயிருக்கும். அதனால் எங்கள் ஆபீஸில் அக்டோபர் 31-ஐத்தான் கடைசி நாளாகச் சொல்வோம்.

கீழவாசல் பெரியவர்

இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தால்? எனக்கு வந்திருக்கிறது, கல்யாண மண்டபத்துக்குப் போன அண்டா.

சிம்மக்கல் கணக்கர்

கெடு தாண்டினால் வரியில்லாத கமர்ஷியல் கிரெடிட் நோட் போட்டுவிடுவோம் ஐயா. சரக்கு மதிப்பை மட்டும் கழிப்போம். அவர் கிரெடிட்டை ரிவர்ஸ் செய்ய வேண்டாம், நாம் வரி குறைக்க வேண்டாம். 2025 செப்டம்பரில் வந்த 251-ஆம் சுற்றறிக்கைகூட அதைத்தான் சொல்கிறது.

ஆடிட் ஆபீஸ், திருமங்கலம்

அந்தச் சுற்றறிக்கை தள்ளுபடியைப் பற்றியது. வருஷக் கடைசி டிஸ்கவுண்டுக்கு நீங்கள் சொல்வது கச்சிதம். சரக்கே திரும்பி வந்தால் எனக்கு உறுத்துகிறது. கடையில் இல்லாத சரக்குக்குக் கிரெடிட் மட்டும் எப்படி நிற்கும்? வாங்கியவர் பதிவு பெற்றவர் என்றால், அவரே இன்வாய்ஸ் போட்டுத் திருப்பி விற்கட்டும் என்பேன்.

சிம்மக்கல் கணக்கர்

அவர் இன்வாய்ஸ் போட்டால் அவருடைய டர்ன்ஓவர் கூடுகிறதே சார், எந்தக் கடைக்காரர் சம்மதிப்பார்? நாங்கள் இப்படித்தான் செய்கிறோம், இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஆடிட் ஆபீஸ், திருமங்கலம்

கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் என் கவலை. இதில் எங்கள் ஆபீஸிலேயே இரண்டு கருத்து இருக்கிறது.

பைப்கடைக் கணக்கு

எல்லோருக்கும் நன்றி. ஜனவரி GSTR-1-இல் CDNRA போட்டேன். உசிலம்பட்டிக்கு நானே பஸ் ஏறிப் போனேன். அந்தக் கணக்கர் பெரியவர், மகன் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். ரிவர்ஸ் பூஜ்யம் என்று குறிப்பிட்டு என் கண் முன்னால் ஏற்றார். அக்டோபர் 3B நகலையும் கொடுத்தார். ஆனால் அதில் அந்த மாதத்து வேறு ரிவர்ஸல்களும் சேர்ந்து ஒரே தொகையாக 21,870 என்று இருக்கிறது. எங்கள் 15,120 அதற்குள் இருக்கிறது என்பதற்கு அவருடைய டேலி லெட்ஜர் பக்கத்தில் கையெழுத்து வாங்கி வந்தேன். அது போதுமா சார்?

குடோனில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். திரும்பி வந்த சரக்கை இறக்கினால் அன்று சாயங்காலமே சலானைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். கிரெடிட் நோட் போட்டதும் நம்பரைப் பார்ட்டிக்குச் சொல்லி, 'நீங்களாக எதையும் ரிவர்ஸ் பண்ணாதீங்க, இது வந்ததும் ஏத்துக்குங்க' என்று போனில் சொல்கிறேன். இந்த மாதம் நான்கு பார்ட்டி, நான்கு பேருக்கும் சொல்லியாச்சு.