ஏப்ரல் 14 இரவு வந்த மெயில்: வெயிட்லிஸ்டில் இருந்து பிஎச்டி இடம் கிடைத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாமிரபரணி

இந்த வாரம் வெயிட்லிஸ்டில் இருப்பவர்கள் மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக் கண் பூத்துப் போயிருப்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் இருந்தேன். அமெரிக்காவில் வேதியியல் பிஎச்டிக்கு ஏழு இடங்களில் விண்ணப்பித்தேன். ஐந்தில் இல்லை என்று வந்துவிட்டது, ஒன்றில் உதவித்தொகையோடு ஆஃபர், நான் மிகவும் ஆசைப்பட்ட ஒன்றில் வெயிட்லிஸ்ட். மார்ச் கடைசியில் ஆஃபர் தந்த இடத்துக்கே சரி என்று எழுதிவிட்டேன்.

சித்திரை ஒன்றாம் தேதி ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அம்மா மிச்சம் இருந்த மாங்காய்ப் பச்சடியைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நான் போனில் ஏதோ தேடப்போய் Promotions பகுதியைத் திறந்தால், துணிக்கடைத் தள்ளுபடி மெயில்களுக்கு நடுவில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர். ஏழரைக்கே வந்திருக்கிறது. நான்கே வரி. இந்த ஆண்டு வகுப்பில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது, உங்களுக்குத் தர விரும்புகிறோம், வருவதாக இருந்தால் April 15, 5 PM EDT-க்குள் உறுதி செய்யுங்கள் என்று.

அப்பா "நாளைக்குச் சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு" என்றார். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்களுடைய மாலை ஐந்து மணி என்பது நமக்குப் பதினாறாம் தேதி அதிகாலை இரண்டரை. ஒன்பதரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்ததில்தான் எனக்கு மூச்சே வந்தது.

மெயிலை நான்காவது முறை படிக்கும்போதுதான் அதில் உதவித்தொகை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனித்தேன். கையெழுத்துப் போட்ட கடிதமும் இணைக்கவில்லை. உடனே பதில் போட்டேன்: எனக்கு வர விருப்பம்தான், ஆனால் என்னிடம் இன்னோர் இடம் கையில் இருக்கிறது, எத்தனை வருடத்துக்கு உதவித்தொகை உறுதி, கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடியா, உடல்நலக் காப்பீடு யார் கட்டுவது, இதெல்லாம் உள்ள முறையான கடிதத்தை அனுப்பினால் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்று. மறுநாள் இரவு எட்டு மணி வரை ஒன்றும் இல்லை. அந்தப் பகல் எப்படிப் போனது என்று எனக்கு இன்றும் நினைவில்லை.

எட்டு மணிக்குக் கடிதம் வந்தது. ஐந்து வருடம், கட்டணம் தள்ளுபடி, எல்லாம் இருந்தது. முதல் இடத்துக்கு விலகுகிறேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன், அடுத்த பத்தாவது நிமிடம் போர்ட்டலில் புது ஆஃபரை ஏற்றேன். முதல் இடத்தில் இருந்து ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. வாழ்த்து சொல்லிவிட்டு, நீங்கள் இன்றைக்கே சொன்னதால் எங்கள் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு இப்போதே எழுத முடிகிறது என்றும் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துத்தான் நான் அழுதேன்.

உங்களுக்கு எப்படி நடந்தது?

வைகைக்கரை

வாழ்த்துகள் சகோதரி. எல்லோரும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், ஏப்ரல் 15க்கு முன்னால் பதில் சொல் என்று எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கக் கூடாது, அங்கே அது சட்டம். என் நண்பனிடம் எம்எஸ் இடத்துக்கு மார்ச் 20க்குள் டெபாசிட் கட்டச் சொன்னார்கள். நான்தான் கட்டாதே, பதினைந்து வரை அவர்கள் காத்திருந்தே ஆக வேண்டும் என்றேன். இடத்தை எடுத்துவிட்டார்கள். எழுதிக் கேட்டும் பதிலே இல்லை, அநியாயம்.

மூன்றாம் மாடி லேப்

வைகைக்கரை, பாதி சரி. உங்கள் நண்பருக்கு நடந்ததும் இதனால்தான். அது சட்டம் இல்லை. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் தீர்மானம், அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்குத்தான் அது பொருந்தும். அதுவும் உதவித்தொகையோடு வரும் ஆஃபருக்கு மட்டும். சொந்தச் செலவில் படிக்கும் எம்எஸ் என்றால் அவர்கள் சொல்லும் டெபாசிட் தேதிதான் தேதி. ஆஃபர் கையில் இருந்தால் முதலில் அந்தப் பல்கலைக்கழகம் தீர்மானத்தில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலை அந்த அமைப்பே வெளியிடுகிறது.

என் துறையில் இரண்டு வருடம் சேர்க்கைக் குழுவில் மாணவர் பிரதிநிதியாக இருந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். வெயிட்லிஸ்ட் என்பது ரயில் மாதிரி ஒன்று, இரண்டு என்று வரிசையாக நகராது. பாலிமர் பக்கம் வர வேண்டியவர் மறுத்தால் பாலிமர் ஆளுக்குத்தான் மெயில் போகும், பட்டியலில் மேலே இருக்கும் கணிப்பு வேதியியல் ஆளுக்குப் போகாது. அதனால் "நான் எத்தனையாவது" என்று கேட்பதைவிட, எந்தப் பேராசிரியர்களோடு வேலை செய்ய விருப்பம் என்று மார்ச்சிலேயே ஒரு மெயில் போட்டு வைப்பது பிரயோஜனம்.

இன்னொன்று, கெடு ஏன் இவ்வளவு குறைவு என்று கோபம் வருகிறது இல்லையா? நிறையப் பேர் பதினான்கு, பதினைந்தாம் தேதி வரை இரண்டு மூன்று ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். எல்லா மறுப்பும் கடைசி இரண்டு நாளில் கொட்டும். நீங்கள் வேண்டாம் என்றால் அடுத்தவருக்குப் பதினைந்துக்குள் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேறு இடத்தில் உறுதியாகிவிடுவார். தாமிரபரணிக்கு வந்த மாதிரி முதலில் கடிதம் இல்லாமல் ஒரு மெயில் வருவதும் இதனால்தான், கடிதத்துக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கையெழுத்தாக நேரம் பிடிக்கும். சில சமயம் "இன்னும் ஆர்வம் இருக்கிறதா" என்று மட்டும் கேட்பார்கள். அது ஆஃபரே இல்லை. அதை நம்பிக் கையில் இருக்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள், என் கண் முன்னால் ஒருவர் விட்டார், பிறகு அந்த இடம் காலியாகவே இல்லை.

செங்கோட்டை அப்பா

என் மகளுக்குப் போன வருடம் டிஎன்இஏ கவுன்சலிங்கில் இப்படித்தான் இரண்டு நாள் கெடு கொடுத்தார்கள். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்கும் காத்திருக்கலாம் என்று ஒரு வழி இருந்தது, அதைத்தான் கொடுத்தோம், நல்ல கல்லூரிக்கு மாறியது. அமெரிக்காவிலும் அப்படி இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்தானே? தம்பிமார் சொல்ல வேண்டும்.

மூன்றாம் மாடி லேப்

இல்லைங்க ஐயா. அங்கே கம்ப்யூட்டர் தானாக மாற்றிவிடும், பழைய இடம் அதுவே காலியாகிவிடும். இங்கே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனி. ஒன்றை விடுவதை நாம்தான் எழுதிச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்த இடம் யாருக்கும் இல்லாமல் நிற்கும்.

கொல்லிமலைத் தேன்

எனக்கு நடந்தது வேறு. விண்ணப்பத்தில் கல்லூரி மெயில் ஐடியைக் கொடுத்திருந்தேன். படிப்பு முடிந்து அடுத்த மார்ச்சில் கல்லூரி அந்தக் கணக்கை மூடிவிட்டது, முன்னறிவிப்பு எதுவும் இல்லை. மே மாதம் போர்ட்டலைத் திறந்து பார்த்தால் "Offer expired" என்று இருக்கிறது. ஆஃபர் வந்ததே எனக்குத் தெரியாது. துறைக்கு எழுதினேன், வருத்தம் தெரிவித்தார்கள், இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. வெயிட்லிஸ்டில் இருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே போர்ட்டலில் நுழைந்து மெயில் ஐடியை மாற்றுங்கள், மெயில் வராவிட்டாலும் தினமும் ஒரு முறை போர்ட்டலைப் பாருங்கள்.

வைகைக்கரை

நண்பனிடம் நான் தவறாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவனுக்கு இன்று போன் போடுகிறேன்.

பனைமரத்து நிழல்

எனக்கு ஒரு கேள்வி. ஒரு இடத்துக்குச் சரி சொல்லிவிட்டேன். வெயிட்லிஸ்டில் இருக்கும் இடம் பதினைந்துக்கு அப்புறம் கூப்பிட்டால் போகலாமா? ஐ-20 வந்து செவிஸ் கட்டணம் 350 டாலரும் கட்டிவிட்டால் அந்தப் பணம் போய்விடுமா?

தாமிரபரணி

பணம் போகாது. புது ஐ-20இல் செவிஸ் எண் வேறாக இருக்கும், பழைய எண்ணில் கட்டியதைப் புது எண்ணுக்கு மாற்றித் தரக் கேட்கலாம், என் அறைத்தோழி அப்படித்தான் செய்தாள். ஆனால் விசா நேர்முகத்துக்கு முன்னால் மாற்றிவிடு. பதினைந்துக்கு அப்புறம் போகலாமா என்பது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாடி லேப்

என் காலத்தில் முதல் இடத்தில் இருந்து விடுவிப்புக் கடிதம் எழுத்தில் வாங்கிவரச் சொன்னார்கள். தீர்மானத்தின் வாசகம் பிறகு மாறியிருக்கிறது, இப்போது துறைக்குத் துறை வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள். உன் ஆஃபர் கடிதத்தில் இது பற்றி ஏதாவது வரி இருந்தால் அப்படியே இங்கே போடு, பார்க்கிறேன்.

பனைமரத்து நிழல்

ராத்திரி வீட்டுக்குப் போய் எடுத்துப் போடுகிறேன் அண்ணா.