பத்தாவது ஆள் சேர்ந்த பிறகு எங்கள் பார்லருக்கு வந்த இஎஸ்ஐ கடிதம்

திருச்சி, இரண்டு பார்லர் நடத்துபவர்

வேலை பார்ப்பவர்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ போட்டால் சின்னக் கடை தாங்குமா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

என் முதல் கடையில் ஏழு பேர். 2023 ஜூனில் இரண்டாவது கடை திறந்தபோது அங்கே நான்கு பேரைச் சேர்த்தேன். ஒரு கடையில் ஏழு, இன்னொன்றில் நான்கு, எதிலும் பத்து இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். 2024 ஜனவரியில் இஎஸ்ஐ அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே உரிமையாளர், ஒரே பெயர்ப் பலகை, ஒரே கணக்கு, ஆட்களையும் கடைக்குக் கடை மாற்றி அனுப்புகிறேன். அதனால் இரண்டும் சேர்ந்து ஒரே நிறுவனம் என்றார்கள். கூட்டிப் பெருக்க வரும் அம்மாவையும் எண்ணினார்கள். 24,000 வாங்கும் சீனியர் ஸ்டைலிஸ்டையும் எண்ணினார்கள். 21,000-க்கு மேல் வாங்குபவருக்கு இஎஸ்ஐ கட்ட வேண்டாம், ஆனால் தலைக்கணக்கில் அவர் உண்டு. இது எனக்கு அதுவரை தெரியாது.

அவரைத் தவிர்த்த பத்துப் பேரின் சம்பளம் மொத்தம் 1,30,000. என் பங்கு 3.25 சதவீதம், அதாவது 4,225 ரூபாய். அவர்கள் பங்கு 0.75 சதவீதம், 975 ரூபாய். ஒழுங்காகப் பதிந்திருந்தால் மாதம் இவ்வளவுதான். ஏழு மாதம் தவறவிட்டதால் 36,400 ரூபாயும் அதற்கு வட்டியும் கட்டினேன். போன மாதங்களுக்கு ஊழியர் பங்கை இப்போது அவர்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது, அதுவும் என் தலையில்தான் விழுந்தது. அந்த ஏழு மாதத்தில் ஒருவர்கூட டிஸ்பென்சரிப் பக்கம் போனதில்லை. கட்டியும் யாருக்கும் பயன்படாத பணம் அது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சேலம், ஜென்ட்ஸ் சலூன்

அக்கா, 20 பேர் இருந்தால்தானே இது எல்லாம்? எங்கள் ஆடிட்டர் அப்படித்தான் சொன்னார். நான் ஒன்பது பேரோடு நிறுத்திவைத்திருக்கிறேன், எதற்கும் இருக்கட்டும் என்று. இப்போது பதிந்தால் பழைய பாக்கி கேட்க மாட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

கோவை, தொழிலாளர் கணக்கு பார்ப்பவர்

இரண்டையும் கலந்துவிட்டீர்கள் தம்பி. 20 என்பது பிஎஃப் கணக்கு. இஎஸ்ஐக்கு 10. உங்கள் ஆடிட்டர் பிஎஃப்பை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். பழைய பாக்கி கேட்காமல் பதிந்துகொள்ளும் வாய்ப்பு 2025 ஜூலையில் ஸ்ப்ரீ என்ற பெயரில் வந்தது உண்மைதான். ஆனால் அதற்குக் கெடு வைத்திருந்தார்கள், எப்போதும் திறந்திருக்கும் கதவு இல்லை. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. ஒருமுறை பத்தைத் தொட்டுப் பதிந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்து ஆறு பேர் ஆனாலும் தொடர்ந்து கட்ட வேண்டும். கல்யாண சீசனுக்கு இரண்டு மாதம் மட்டும் ஆள் வைக்கிற கடைகள் இதில்தான் மாட்டுகின்றன.

திருச்சி, இரண்டு பார்லர் நடத்துபவர்

ஒன்பதோடு நிறுத்துவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கள் பியூட்டிஷியன் ஒருத்திக்கு 2025 மார்ச்சில் குழந்தை பிறந்தது. சம்பளம் 13,000. அவளுக்காக நான் கட்டியது மாதம் 423 ரூபாய். 26 வாரத்துக்கு முழுச் சம்பளத்தையும் இஎஸ்ஐ அவள் கணக்கில் போட்டது, சுமார் 78,000 ரூபாய். பிரசவச் செலவும் அதில்தான் போனது. பத்துப் பேருக்கு மேல் வைத்துக்கொண்டு இஎஸ்ஐ இல்லாமல் இருந்திருந்தால், பேறுகாலச் சட்டப்படி அந்த 78,000-ஐ நான் கொடுத்திருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குப் பத்துப் பேருக்கும் சேர்த்து நான் கட்டுவதே 50,700 தான். பெண்கள் அதிகம் வேலை செய்யும் பார்லர் வைத்திருப்பவர்கள் இதை உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நடுவில் ஒரு சிக்கலும் வந்தது. பிரசவம் முடிந்து மூன்றாவது மாதம், முகூர்த்த நாள். மணப்பெண் மேக்கப்புக்கு ஆள் போதவில்லை. "இரண்டு நாள்தானே, அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வார், நான் வருகிறேன் அக்கா" என்று அவளே கேட்டாள். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நாட்களில் அவள் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நான். வந்து கூலி வாங்கினால் அந்த நாட்களுக்கு உதவித்தொகை கிடையாது, நான் பொய்யாக எழுதினால் அது என் மேல் வரும். வேண்டாம் என்று சொல்லி, வெளியிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தேன்.

அந்த 4,225-க்கு என்ன செய்தேன் என்றால், ஹேர் கட்டுக்கு 20 ரூபாய் ஏற்றினேன். மாதம் 212 பேர் முடி வெட்டினாலே அந்தத் தொகை வந்துவிடுகிறது. இரண்டு கடையிலும் சேர்த்து அதைவிட அதிகம் பேர் வருகிறார்கள். விலை ஏறியதை ஒருவரோ இருவரோ கேட்டார்கள், அவ்வளவுதான்.

மதுரை, முன்பு ஸ்டைலிஸ்ட், இப்போது வேறு வேலை

நான் ஒரு பெரிய சலூனில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பிஎஃப் பிடித்தார்கள். இப்போது எடுக்கப் போனால் ஆதாரில் இன்ஷியல் பின்னால் இருக்கிறது, பிஎஃப் கணக்கில் முன்னால் இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். யாருக்காவது வழி தெரியுமா?

கோவை, தொழிலாளர் கணக்கு பார்ப்பவர்

இந்தத் திரியின் கேள்வி வேறு, ஆனாலும் சொல்கிறேன். பிஎஃப் இணையதளத்தில் உங்கள் யுஏஎன் வழியாக உள்ளே போய், பெயர்த் திருத்தத்துக்கான கூட்டு விண்ணப்பம் போடுங்கள். பழைய முதலாளி ஒப்புதல் தர வேண்டி வந்தால் அவரை முதலில் தொலைபேசியில் பிடியுங்கள். முதலாளிகளும் இதைக் கவனியுங்கள். ஆளைச் சேர்க்கும் அன்றைக்கே ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயர் போட்டால் இந்த அலைச்சல் யாருக்கும் வராது.

ஓசூர், ஆண்கள் சலூன், ஆறு பேர்

பிஎஃப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் போட்டேன், நொந்தும் போனேன். ஆறு பேர்தான் என்றாலும் நல்ல பையன்கள் நிலைத்து இருக்கட்டும் என்று, அவர்கள் சம்மதத்தோடு விருப்பப் பதிவு செய்தேன். முதல் மாதம் சம்பளம் வாங்கியதும் ஒருவன், "அண்ணே, 13,000 என்று சொன்னீர்கள், 11,700 தான் வந்திருக்கிறது" என்றான். உன் பெயரில்தான் சேர்கிறது என்று விளக்கினேன். புரிந்தது. ஆனால் ஊரில் அம்மாவுக்குப் பணம் அனுப்ப வேண்டுமே. நான்காவது மாதம் எதிர்த்த கடையில் முழுப் பணமும் கையில் தருகிறார்கள் என்று இரண்டு பேர் போய்விட்டார்கள். அவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. நான் தொடர்ந்து கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், விருப்பப்பட்டு உள்ளே போனாலும் நினைத்தபோது வெளியே வர முடியாதாம்.

கோவை, தொழிலாளர் கணக்கு பார்ப்பவர்

ஓசூர் நண்பர் சொல்வதுதான் உண்மையான கஷ்டம். இஎஸ்ஐயில் ஊழியருக்கு 98 ரூபாய் போகிறது, யாரும் கவனிப்பதில்லை. பிஎஃப்பில் 1,300 போனால் வீட்டில் தெரியும்.

20 பேருக்குக் குறைவான கடைக்கு விகிதம் 12 இல்லை, 10 சதவீதம். 13,000 சம்பளத்தில் ஊழியர் 1,300, முதலாளி 1,300. முதலாளி பங்கில் 1,083 ஓய்வூதியத்துக்குப் போகும், 217 தான் பிஎஃப்பில் சேரும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஊழியரிடம், "நான் போடும் 1,300-ம் உன் கணக்கில் அப்படியே இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பிறகு பாஸ்புக்கைப் பார்த்து அவன் சண்டைக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன். முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள். இதற்கு மேல் காப்பீட்டுக்கு அரை சதவீதம், நிர்வாகச் செலவுக்கு அரை சதவீதம். நிர்வாகச் செலவு கடைக்குக் குறைந்தது மாதம் 500 ரூபாய், ஆறு பேர் கடைக்கு இதுதான் கொஞ்சம் உறுத்தும்.

திருச்சி அக்காவின் 1,30,000-க்கே போட்டால், பிஎஃப்புக்கு முதலாளி கையிலிருந்து 14,300. இஎஸ்ஐயையும் சேர்த்தால் 18,525. இஎஸ்ஐயை விலையில் 20 ரூபாய் ஏற்றிச் சமாளிக்கலாம். இதை அப்படிச் சமாளிக்க முடியாது.

ஆனாலும் அந்த அரை சதவீதக் காப்பீட்டை லேசாக நினைக்காதீர்கள். நான் கணக்குப் பார்க்கும் ஒரு கடையில் முப்பத்தெட்டு வயது ஸ்டைலிஸ்ட் மாரடைப்பில் இறந்தார். அவருக்காக முதலாளி கட்டியது மாதம் 65 ரூபாய். மனைவிக்கு நான்கரை லட்சத்துக்கு மேல் வந்தது, விதவை ஓய்வூதியம் தனி. வாரிசுப் பெயரை அவர் போனிலேயே முன்பே பதிந்து வைத்திருந்தோம், அதனால் அதிகம் அலையவில்லை. சம்பளத்தை உடைத்து அடிப்படை 6,000 என்று காட்டியிருந்தால் அந்தத் தொகை வெகுவாகக் குறைந்திருக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், படிகள் பாதிக்கு மேல் போனால் மிச்சத்தைச் சம்பளமாகவே எடுத்துக்கொள்வார்கள். உடைத்துக் காட்டுவது இனி உதவாது.

சேலம், ஜென்ட்ஸ் சலூன்

என் கடையில் மூன்று பேர் பாதிக்குப் பாதி. சம்பளமே இல்லை, வெட்டுகிற காசில் பாதி எனக்கு, பாதி அவர்களுக்கு. இவர்களையும் எண்ணுவார்களா?

கோவை, தொழிலாளர் கணக்கு பார்ப்பவர்

கடை திறக்கும் நேரத்தை யார் முடிவு செய்வது? லீவு யாரிடம் கேட்பார்கள்? வாடிக்கையாளர் யாரிடம் காசு கொடுக்கிறார்? எல்லாவற்றுக்கும் பதில் நீங்கள்தான் என்றால் ஊழியர் என்று எடுத்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். சேருக்கு வாடகை கட்டி, தன் கத்திரி, தன் வாடிக்கையாளர், தன் நேரம் என்று இருப்பவர் வேறு. நடுவில் இருப்பவர்கள் விஷயத்தில் அதிகாரிக்கு அதிகாரி முடிவு மாறுவதைப் பார்த்திருக்கிறேன், உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

சேலம், ஜென்ட்ஸ் சலூன்

காசு என் கல்லாவில்தான் விழுகிறது. அப்படியானால் ஒன்பது இல்லை, பன்னிரண்டு. இவர்களைக் கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை.

திருச்சி, இரண்டு பார்லர் நடத்துபவர்

தம்பி, கடிதம் வரும்வரை இருக்காதீர்கள். இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். பன்னிரண்டு பேரின் ஆதார், பேங்க் பாஸ்புக், குடும்பத்தில் யார் யார் என்ற விவரம், இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எனக்கு இரண்டு மாலை பிடித்தது. பிஎஃப் பற்றி நானும் இன்னும் முடிவு செய்யவில்லை. வரும் ஏப்ரலில் சம்பளம் ஏற்றும்போது, ஏற்றத்தில் ஒரு பகுதியை பிஎஃப்பாகப் போட்டால் கையில் வருவது குறையாது என்று ஒரு யோசனை இருக்கிறது. பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஆறு பேர் சரி என்றார்கள், நான்கு பேர் வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.